குறுக்கே ஓடும் லூப்பும் நகர்த்திய சம்மிங் பாயிண்டும்: 8 எங்கிருந்து வந்தது?

கேள்வி: "டிசி மோட்டார் ஸ்பீடு கண்ட்ரோல் பிளாக் டயகிராம். வெளியே டாக்கோ லூப், உள்ளே கரண்ட் லூப், அதுக்குக் குறுக்கே பேக் இஎம்எஃப். சம்மிங் பாயிண்டை நகர்த்திக் குறைச்சா நிலைத்த நிலை கெயின் எனக்கு 8 வருது, நண்பன் 9.73ன்னு சொல்றான். நகர்த்தும்போது எங்கே தப்பு பண்றேன்? லோடு டார்க்குக்கும் இதே ஃபார்முலாவைப் போடலாமா?"

உங்கள் நண்பரின் விடைதான் சரி. உங்களுடைய 8 எந்த இடத்தில் பிறந்தது என்பதை அந்த எண்ணே காட்டிக்கொடுக்கிறது. அதற்குச் சற்று பின்னால் வருகிறேன். லோடு டார்க்குக்குப் பகுதி அதேதான், தொகுதி வேறு. மோட்டார் டிரைவ்களோடு பல வருடம் வேலை செய்தவன், கண்ட்ரோல் பாடமும் நடத்தியவன் என்ற முறையில் சொல்கிறேன்: உங்கள் படத்தில் இருப்பதைப் போன்ற பின்னலில்தான் பெரும்பாலானவர்கள் வழுக்குகிறார்கள். விதி தெரியாததால் அல்ல. நான்கு விதிகளை மனப்பாடம் செய்துவிட்டு, அவசரத்தில் ஒன்றை இன்னொன்றாக எடுத்துவிடுவதால்.

நாம் இருவரும் ஒரே படத்தைப் பார்க்கிறோம் என்பது உறுதியாக வேண்டும், அதனால் வார்த்தையில் வரைந்துவிடுகிறேன். இடது ஓரத்தில் வேகக் கட்டளை r, வோல்ட்டில். முதல் சம்மிங் பாயிண்டில் அதிலிருந்து டாக்கோ சிக்னல் Ht·ω கழிகிறது. மிச்சம் வேகக் கண்ட்ரோலர் Ga வழியே போய்க் கரண்ட் கட்டளையாகிறது. இரண்டாவது சம்மிங் பாயிண்டில் அதிலிருந்து Hi·I கழிகிறது. அடுத்தது Gc, அதாவது கரண்ட் கண்ட்ரோலரும் பவர் ஆம்ப்ளிஃபையரும் சேர்ந்தது. அதன் வெளியீடு ஆர்மேச்சர் வோல்டேஜ். மூன்றாவது சம்மிங் பாயிண்டில் பேக் இஎம்எஃப் Kb·ω கழிகிறது. பிறகு ஆர்மேச்சர் Ge, அதிலிருந்து கரண்ட் I. கடைசியில் Gm, டார்க் மாறிலியும் ரோட்டரின் ஜடத்துவமும் சேர்ந்த பிளாக், அதிலிருந்து வேகம் ω.

உங்கள் இரண்டு விடைகளோடும் அப்படியே பொருந்தும் மதிப்புகள் இவை. ஆர்மேச்சர் ரெசிஸ்டன்ஸ் 1 ஓம், இண்டக்டன்ஸ் 0.01 ஹென்றி, ஜடத்துவம் 0.02 கிகி·மீ², உராய்வு இல்லை, Kt = Kb = 0.5. Ga = 20, Gc = 9, Hi = 1, Ht = 0.1. ஆகவே:

```
Ge = 1/(0.01s + 1)
Gm = 0.5/(0.02s) = 25/s
```

இப்போது படத்தை ஒரு முறை விரலால் தடவிப் பாருங்கள். டாக்கோ லூப் முதல் சம்மிங் பாயிண்டிலிருந்து ω வரை போகிறது. மற்ற இரண்டும் முழுக்க அதற்குள் அடங்கியிருக்கின்றன. இதைத்தான் ஒன்றுக்குள் ஒன்று என்று சொல்லலாம். ஆனால் உள்ளே இருக்கும் இரண்டும் அப்படி இல்லை. கரண்ட் லூப் இரண்டாவது சம்மிங் பாயிண்டில் தொடங்கி I-யில் முடிகிறது. பேக் இஎம்எஃப் லூப் மூன்றாவது சம்மிங் பாயிண்டில், அதாவது கரண்ட் லூப்பின் வயிற்றுக்குள் தொடங்கி, அதற்கு வெளியே ω-வில் முடிகிறது. சங்கிலியின் இரண்டு வளையங்கள் மாதிரி ஒன்றையொன்று கோத்துக்கொண்டு நிற்கின்றன. வெங்காயம் உரிப்பது போல உள்ளிருந்து ஒவ்வொன்றாக G/(1+GH) போட்டுக்கொண்டு போக முடியாது. கரண்ட் லூப்பைத் தனியாக மூடப் போனால் நடுவில் பேக் இஎம்எஃப் நுழைகிறது. பேக் இஎம்எஃப் லூப்பைத் தனியாக மூடினால் நடுவிலிருந்து I-யை ஒருவர் எடுத்துக்கொண்டு போகிறார். ஏதாவது ஒரு முனையை நகர்த்தினால்தான் கோர்வை விடுபடும். சம்மிங் பாயிண்டை நகர்த்துவதன் ஒரே நோக்கம் இது. கோர்வை இல்லாத படத்தில் எதையும் நகர்த்தத் தேவையில்லை.

நகர்த்தும் விதியைப் பெருக்கல், வகுத்தல் என்று நினைவில் வைக்காதீர்கள். ஒரே ஒரு வரியை எழுதுங்கள். மூன்றாவது சம்மிங் பாயிண்டைத் தாண்டி வெளியே வருவது என்ன? இரண்டாவது சம்மிங் பாயிண்டின் வெளியீட்டை e என்று வைத்தால்:

```
Gc·e − Kb·ω = Gc·( e − (Kb/Gc)·ω )
```

வலது பக்கம்தான் நகர்த்திய படம். கழித்தல் இப்போது Gc-க்கு முன்னால் நடக்கிறது. அங்கே வந்து சேரும் சிக்னல் Kb·ω அல்ல, (Kb/Gc)·ω. காரணம் எளிது. இனிமேல் பேக் இஎம்எஃப்பும் Gc வழியாகத்தான் உள்ளே போக வேண்டும், வழியில் அது 9 மடங்காகும். முன்பு எந்த அளவில் ஆர்மேச்சரை எட்டியதோ அதே அளவில் எட்ட வேண்டுமென்றால், முன்கூட்டியே 9-ஆல் வகுத்து அனுப்ப வேண்டும். நகர்த்தியபின் அந்த அம்பு தன் பழைய இடத்தில் என்ன விளைவை உண்டாக்கியதோ அதே விளைவை உண்டாக்குகிறதா என்ற கேள்விக்கு ஆம் என்று பதில் வந்தால் நகர்த்தியது சரி. டேக் ஆஃப் பாயிண்டை நகர்த்தும்போதும் கேட்க வேண்டியது இதே கேள்விதான். நான்கு விதிகளும் இந்த ஒன்றிலிருந்து பிறந்தவை.

இப்போது Gc-க்கு முன்னால் இரண்டு சம்மிங் பாயிண்டுகள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. ஒன்றில் Hi·I கழிகிறது, அடுத்ததில் (Kb/Gc)·ω கழிகிறது. இரண்டுக்கும் நடுவிலிருந்து யாரும் சிக்னல் எடுக்கவில்லை. ஆகவே வரிசையை மாற்றலாம். பத்திலிருந்து முதலில் மூன்றைக் கழித்தாலும் இரண்டைக் கழித்தாலும் ஒன்றுதான். நடுவில் ஒரு டேக் ஆஃப் இருந்திருந்தால் இதைச் செய்யக் கூடாது. அந்த இடத்துச் சிக்னலே மாறிவிடும், அதை எடுத்துக்கொண்டு போகிறவருக்கு வேறு மதிப்பு போகும். நான் திருத்திய விடைத்தாள்களில், வகுக்க மறப்பதற்கு அடுத்தபடியாக அதிகம் பார்த்த தவறு இது: சம்மிங் பாயிண்டை ஒரு டேக் ஆஃபைத் தாண்டிச் சத்தமில்லாமல் இழுத்துவிடுவது.

வரிசை மாறியதும் பேக் இஎம்எஃப் அம்பு கரண்ட் லூப்புக்கு வெளியே வந்துவிட்டது. கோர்வை விடுபட்டது. இனி கரண்ட் லூப்பை நிம்மதியாக மூடலாம்:

```
P = Gc·Ge/(1 + Gc·Ge·Hi) = 9/(0.01s + 1 + 9) = 9/(0.01s + 10)
```

இங்கேயே நிறுத்தி பேக் இஎம்எஃப் லூப்பை மூடி, பிறகு டாக்கோ லூப்பை மூடலாம். அதுவும் சரியான வழி. ஆனால் இன்னும் ஒரு அடி எடுத்து வைத்தால் படம் மிக அழகாகிறது. அதே பேக் இஎம்எஃப் அம்பை Ga-க்கும் முன்னால் கொண்டுபோங்கள். அதே விதி, இன்னொரு வகுத்தல்: Kb/(Ga·Gc). இப்போது அது டாக்கோ அம்பு வந்து சேரும் இடத்திலேயே வந்து சேர்கிறது, ω-விலிருந்தே புறப்படுகிறது, குறியும் அதே கழித்தல். ஒரே இடத்தில் புறப்பட்டு ஒரே இடத்தில் சேரும் இரண்டு பாதைகளைக் கூட்டிவிடலாம்:

```
H = Ht + Kb/(Ga·Gc) = 0.1 + 0.5/180 = 0.102778
```

மூன்று லூப் கொண்ட படம் ஒற்றை லூப்பாகிவிட்டது. முன்னோக்கிய பாதை Ga·P·Gm = 4500/(s(0.01s + 10)). ஆக:

```
ω/r = 4500/(0.01s² + 10s + 4500·H)
    = 4500/(0.01s² + 10s + 462.5)
```

s = 0 போட்டால் 4500/462.5 = 9.73. முன்னோக்கிய பாதையில் ஒரு 1/s இருப்பதால் நிலைத்த நிலை கெயின் வெறும் 1/H என்பதையும் கவனியுங்கள். 1/0.102778 = 9.73. பேக் இஎம்எஃப் இல்லாவிட்டால் 1/Ht, அதாவது 10 வந்திருக்கும். பேக் இஎம்எஃப் செய்வதெல்லாம் டாக்கோவின் 0.1-உடன் 0.002778-ஐச் சேர்ப்பதுதான்.

இனி உங்கள் 8. கெயின் 8 என்றால் உங்கள் கணக்கில் H = 0.125. டாக்கோவின் 0.1 போக மீதி 0.025. இந்த 0.025 என்பது Kb/Ga, அதாவது 0.5/20. Kb/(Ga·Gc) இருக்க வேண்டிய இடத்தில் Gc காணவில்லை. அம்பை Gc-க்கு முன்னால் நகர்த்தியபோது வகுக்காமல் அப்படியே இழுத்து வைத்துவிட்டீர்கள்; Ga-வில் சரியாகச் செய்திருக்கிறீர்கள், அல்லது Ga-வைத் தாண்டாமலே லூப்பை மூடியிருக்கிறீர்கள். உங்கள் தாளைப் பார்க்காமல் இரண்டில் எது என்று சொல்ல முடியாது, ஆனால் பிழை Gc-யில்தான். உங்கள் பகுதியில் 462.5-க்குப் பதில் 562.5 இருக்கும், எடுத்துப் பாருங்கள். ஒருவேளை வகுப்பதற்குப் பதில் பெருக்கியிருந்தால் பேக் இஎம்எஃப் லூப்பில் Gc இரண்டு முறை வந்திருக்கும், 12.5 இருக்க வேண்டிய இடத்தில் 1012.5 வந்து, கெயின் 3.1 அளவுக்கு விழுந்திருக்கும்.

"சம்மிங் பாயிண்டை ஏன் நகர்த்த வேண்டும், டேக் ஆஃபை நகர்த்தலாமே" என்று வகுப்பில் யாராவது கேட்பார்கள். நகர்த்தலாம். I-யை எடுக்கும் புள்ளியை Gm-க்குப் பின்னால், ω-வுக்குக் கொண்டுபோனால் கரண்ட் ஃபீட்பேக் Hi/Gm ஆகும். அப்போது கரண்ட் லூப்தான் பெரிய வளையம், பேக் இஎம்எஃப் அதற்குள் அடங்கிவிடும். தாளில் அதே 462.5 தான் வரும். ஆனால் Hi/Gm என்பது s/25, ஒரு டிஃபரன்ஷியேட்டர். தாளுக்கு அது பாரமில்லை. சிமுலேஷனில் அந்த நகர்த்திய படத்தை அப்படியே வரைந்தால்தான் தொல்லை: அளவீட்டில் உள்ள சின்னச் சின்ன இரைச்சல் எல்லாம் பெருகி கரண்ட் சிக்னலாக உள்ளே போகும். ஒரு முறை நானே ஒரு மோட்டாரின் மாடலை இப்படி நகர்த்திய வடிவத்தில் வைத்துக்கொண்டு, கரண்ட் அலைவடிவம் ஏன் முள்ளு முள்ளாக இருக்கிறது என்று அரை நாள் தேடினேன். அதிலிருந்து ஒரு வழக்கம்: எந்த பிளாக்கால் வகுத்தால் விடை எளிய எண்ணாக வருமோ அதைத் தாண்டித்தான் நகர்த்துவேன். இங்கே Gc வெறும் 9. Gc ஒரு பிஐ கண்ட்ரோலராக இருந்தாலும் 1/Gc-யின் தொகுதிப் படி பகுதிப் படியை மீறாது, அதனால் பயமில்லை. சிமுலேஷனுக்கு எப்போதும் அசல் படம். நகர்த்திய படம் கணக்குத் தாளோடு நிற்கட்டும்.

விடை சரியா என்று எப்படித் தெரிந்துகொள்வது? முதல் சோதனை லூப்புகளை எண்ணுவது. அசல் படத்தில் ஒவ்வொரு லூப்பையும் சுற்றி வந்து அதிலுள்ள பிளாக்குகளை மட்டும் பெருக்குங்கள். கரண்ட் லூப் Gc·Ge·Hi. பேக் இஎம்எஃப் லூப் Ge·Gm·Kb. டாக்கோ லூப் Ga·Gc·Ge·Gm·Ht. மூன்றும் கழித்தல் குறியோடு திரும்பி வருவதால் பகுதியில் கூட்டலாக நிற்கும். மூன்றும் Ge வழியே போகின்றன, ஆகவே ஒன்றையொன்று தொடாத ஜோடி எதுவும் இல்லை. எம்ஐடியில் இருந்த சாமுவேல் மேசன் 1953-லும் 1956-லும் எழுதிய சிக்னல் ஃப்ளோ கிராஃப் கட்டுரைகளிலிருந்து வந்த விதிப்படி, இந்த மாதிரிப் படத்தில் பகுதி இவ்வளவுதான்:

```
Δ = 1 + Gc·Ge·Hi + Ge·Gm·Kb + Ga·Gc·Ge·Gm·Ht
```

Ge·Gm·Kb என்ற உறுப்பைப் பாருங்கள். பேக் இஎம்எஃப் லூப்பைச் சுற்றி வரும்போது Gc வழியில் வருவதே இல்லை. நகர்த்திக் குறைத்த உங்கள் விடையில் அங்கே Gc இருந்தால், படத்தில் இல்லாத ஒரு லூப்பை நீங்கள் உண்டாக்கிவிட்டீர்கள் என்று பொருள். அலகு பார்க்கும் சோதனை இங்கே கைகொடுக்காது. Gc வோல்ட்டுக்கு வோல்ட் என்பதால் அது கூடுதலாக நுழைந்தாலும் அலகு கெடாது. அதனால்தான் இந்தத் தவறு கண்ணில் படாமல் கடைசி வரை போகிறது.

இரண்டாவது சோதனை எனக்கு இதைவிடப் பிடித்தது, ஏனென்றால் அது மோட்டாரிடமே கேட்கிறது. Gc = 0 என்று போடுங்கள். ஆம்ப்ளிஃபையர் பூஜ்ய வோல்ட் கொடுக்கிறது, அதாவது ஆர்மேச்சர் ஷார்ட் ஆகியிருக்கிறது. சுற்றிக்கொண்டிருக்கும் மோட்டாரின் முனைகளை ஷார்ட் செய்தால் அது பிரேக் பிடித்தது போல நிற்கும் என்பது கையால் தொட்டுப் பார்க்கக்கூடிய உண்மை. அந்த பிரேக்தான் பேக் இஎம்எஃப் லூப். சரியான Δ-வில் Gc = 0 போட்டால் 1 + Ge·Gm·Kb மிஞ்சுகிறது, பிரேக் இருக்கிறது. உங்களுடையதில் வெறும் 1 மிஞ்சும், பிரேக் காணாமல் போகும்.

மூன்றாவது, எண்ணை அசல் படத்தில் திருப்பி வைப்பது. r = 10 வோல்ட். உராய்வும் லோடும் இல்லாததால் நிலைத்த நிலையில் கரண்ட் பூஜ்யம். ஆகவே ஆம்ப்ளிஃபையர் வோல்டேஜும் பேக் இஎம்எஃப்பும் சமமாக இருந்தாக வேண்டும். வேகம் 97.3 ரேடியன்/நொடி என்றால் பேக் இஎம்எஃப் 48.65 வோல்ட். ஆம்ப்ளிஃபையர் பக்கம் 9 × 20 × (10 − 9.73), அதுவும் 48.65 (9.73-ஐ முழுமையாக 9.72973 என்று போட்டுப் பாருங்கள்). உங்கள் 80 ரேடியனைப் போட்டால் ஒரு பக்கம் 40 வோல்ட், மறுபக்கம் 360 வோல்ட். அந்த வித்தியாசத்தில், கரண்ட் லூப் அடக்கியபிறகும் 1 ஓம் ஆர்மேச்சரில் 32 ஆம்பியர் ஓடிக்கொண்டே இருக்கும், வேகம் எப்படி நிலைக்கும்? கம்ப்யூட்டர் பக்கத்தில் இருந்தால், எதையும் நகர்த்தாமல் அசல் சமன்பாடுகளையே கொடுத்துப் பாருங்கள்:

```python
from sympy import symbols, solve, simplify
s, r, I, w = symbols('s r I w')
Ge, Gm = 1/(0.01*s + 1), 25/s
v = 9*(20*(r - 0.1*w) - I)
sol = solve([I - Ge*(v - 0.5*w), w - Gm*I], [I, w])
print(simplify(sol[w]/r))
```

மேலும் கீழும் ஒரே எண்ணால் பெருக்கப்பட்டு வடிவம் வேறாகத் தெரியலாம். s²-இன் கெழுவை 0.01 ஆக்கினால் மேலே உள்ளதே வரும்.

லோடு டார்க்குக்கு வருவோம். முதல் சிக்கல் என்னவென்றால், நாம் Kt-யையும் 1/(Js)-ஐயும் சேர்த்து Gm என்று ஒரே பெட்டியில் அடைத்துவிட்டோம். லோடு டார்க் நுழைவது இவை இரண்டுக்கும் நடுவில். ஆகவே பெட்டியைத் திரும்பப் பிரித்து, நடுவில் ஒரு சம்மிங் பாயிண்ட் வைக்க வேண்டும். r = 0 என்று வைத்து, அந்தப் புள்ளியிலிருந்து ω-வுக்கு முன்னோக்கிப் போனால் வழியில் இருப்பது 1/(Js) மட்டும். கரண்ட் லூப் இந்தப் பாதையைத் தொடவே இல்லை. அது Gc, Ge, Hi-யோடு முடிந்துவிடுகிறது. தொடாத லூப் தொகுதியில் நிற்கும்:

```
ω/TL = −(1/(Js))·(1 + Gc·Ge·Hi)/Δ
     = −50·(0.01s + 10)/(0.01s² + 10s + 462.5)
```

பகுதி எந்த உள்ளீட்டுக்கும் ஒன்றே, ஏனென்றால் அது லூப்புகளின் சொத்து. தொகுதி ஒவ்வொரு உள்ளீட்டுக்கும் தனி. இங்கே நிலைத்த நிலை −500/462.5 = −1.081, அதாவது 1 நியூட்டன் மீட்டர் லோடு ஏறினால் வேகம் 1.081 ரேடியன்/நொடி குறையும். அதையும் சரிபார்த்துவிடலாம். 1 நியூட்டன் மீட்டருக்கு 2 ஆம்பியர் வேண்டும். வேகம் −1.081 என்றால் கரண்ட் கட்டளை 20 × 0.1 × 1.081 = 2.162. ஆம்ப்ளிஃபையர் 9 × (2.162 − 2) = 1.46 வோல்ட். பேக் இஎம்எஃப் −0.54. வித்தியாசம் 2 வோல்ட், 1 ஓமில் 2 ஆம்பியர். பொருந்துகிறது. கரண்ட் லூப்பின் காரணியைத் தொகுதியில் விட்டுவிட்டால் −50/462.5, அதாவது பத்தில் ஒரு பங்கு வேக வீழ்ச்சிதான் வரும். டிரைவ் இருப்பதைவிடப் பத்து மடங்கு விறைப்பானது என்று நம்பிவிடுவீர்கள்.

இதுவரை சொன்னது அல்ஜீப்ரா, சந்தேகத்துக்கு இடமில்லை. ஆனால் அது நேரியல் பிளாக்குகளுக்கு மட்டும் பொருந்தும் அல்ஜீப்ரா. நிஜ டிரைவில் Ga-வின் வெளியீட்டில் ஒரு கரண்ட் லிமிட் இருக்கும், ஆம்ப்ளிஃபையருக்கும் உச்ச வோல்டேஜ் இருக்கும். அப்படி வெட்டும் பிளாக்கைத் தாண்டிச் சம்மிங் பாயிண்டை நகர்த்த முடியாது. Gc·e − Kb·ω என்பதிலிருந்து Gc-யை வெளியே எடுத்தோமே, வெட்டும் பிளாக்கை அப்படிப் பொதுவாக வெளியே எடுக்க முடியாது. வெட்டாத நேரத்தில் மட்டும் நம் விடை உண்மை.

ஆர்மேச்சர் போலை கரண்ட் கண்ட்ரோலரின் பூஜ்யத்தால் அடிக்கும் வழக்கத்திலும் கவனம் தேவை. Gc = k(0.01s + 1)/s என்று வைத்தால் Gc·Ge வெறும் k/s ஆகிவிடுகிறது, கரண்ட் லூப் மிக எளிதாகிறது. ஆனால் பேக் இஎம்எஃப் லூப்பில் Ge இருக்கிறது, Gc இல்லை. அங்கே அந்த (0.01s + 1) அடிபடாமல் நிற்கும், மொத்தப் பகுதி மூன்றாம் படியாகும். பேக் இஎம்எஃப்பைப் புறக்கணித்து வடிவமைப்பது நடைமுறையில் உண்டு, பெரும்பாலும் சரியாகவும் வரும்; நம் எண்களில் அது 462.5-இல் 12.5 மட்டுமே. எல்லா மோட்டாருக்கும் அந்த விகிதம் இதே அளவு சிறிதாக இருக்கும் என்று என்னால் உறுதி சொல்ல முடியாது, Ga குறைந்தால் அது வளரும். ஒவ்வொரு முறையும் Kb/(Ga·Gc)-ஐ Ht-யோடு ஒப்பிட்டுப் பார்ப்பதுதான் வழி.

கடைசியாக, குறைத்து முடித்தபின் படத்தில் கரண்ட் என்ற சிக்னலே இல்லை என்பதை மறக்க வேண்டாம். அதைத் திரும்பப் பெற I = ω/Gm போடுங்கள்:

```
I/r = 180s/(0.01s² + 10s + 462.5)
```

r-இல் திடீரென 10 வோல்ட் கொடுத்தால், இந்தச் சூத்திரப்படி கரண்ட் சுமார் 3.3 மில்லி நொடியில் 161 ஆம்பியரைத் தொடும். முதல் கணத்தில் ஆம்ப்ளிஃபையரிடம் கேட்கப்படுவது 9 × 20 × 10, அதாவது 1800 வோல்ட். இந்த அளவு மோட்டாரில் அது நடக்காது, லிமிட் இடையில் வந்துவிடும். லிமிட் 30 ஆம்பியர் என்று வைத்துக்கொள்ளுங்கள். டார்க் 15 நியூட்டன் மீட்டர், முடுக்கம் 750 ரேடியன்/நொடி². 97 ரேடியனை எட்டக் கிட்டத்தட்ட 0.13 நொடி ஆகும். நம் டிரான்ஸ்ஃபர் ஃபங்ஷனோ மெதுவான போல் −48.6-இல் இருப்பதால் சுமார் 0.02 நொடி டைம் கான்ஸ்டன்ட் சொல்கிறது. r-ஐ ஒரேயடியாக உயர்த்தாமல் ஒன்றரை வோல்ட் வரை சின்னப் படியாகக் கொடுத்தால் கட்டளையே 30 ஆம்பியரைத் தாண்டாது, ஆம்ப்ளிஃபையரின் உச்ச வோல்டேஜும் தாங்குகிறதா என்று மட்டும் பார்த்துக்கொண்டு, அந்த எல்லைக்குள் ஆஸிலோஸ்கோப்பில் எடுக்கும் வளைவை 4500/(0.01s² + 10s + 462.5)-உடன் ஒப்பிடுங்கள்.